விடுபட்ட ஓர் எண்ணைக் கேட்டு எழுதுவது: நான்கு வழிகளும் அவற்றின் விலையும்

ஒரு ஆராய்ச்சி அலுவலகத்தில் புள்ளியியல் உதவி செய்வது என் வேலை. மருத்துவமனையில் தாதியாக வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாக முதுநிலை படிக்கிறவர்கள் பலர் என்னிடம் வருகிறார்கள். பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிடும் மெட்டா பகுப்பாய்வு தொடங்கியதும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள். பத்துப் பன்னிரண்டு கட்டுரைகள் தேறியிருக்கும். அதில் இரண்டு மூன்றில் கணக்குக்கு வேண்டிய ஓர் எண் இருக்காது. கட்டுரையின் ஆசிரியருக்கு எழுதிக் கேட்பதா, நாமே ஊகித்துக்கொள்வதா? கேட்பதென்றால் எவ்வளவு கேட்பது?

போன மாதம் ஒரு தங்கை தேக்கா உணவங்காடி நிலையத்தில் டீக்கு முன்னால் மடிக்கணினியைத் திறந்து, தான் எழுதி வைத்திருந்த மின்னஞ்சலைக் காட்டினாள். நான்கு பத்தி. தன்னைப் பற்றி ஒன்று, ஆய்வின் முக்கியத்துவம் பற்றி ஒன்று, அவர்களின் கட்டுரையைப் புகழ்ந்து ஒன்று. கடைசியில், "தங்கள் ஆய்வின் தரவைத் தயவுகூர்ந்து அனுப்பி உதவ முடியுமா?" என்று ஒரு வரி. "மரியாதையா இருக்குல்ல அக்கா?" என்றாள். மரியாதையாகத்தான் இருந்தது. ஆனால் அதைப் படிக்கிறவருக்கு என்ன அனுப்ப வேண்டும் என்று தெரியாது. அவளுடைய அந்த ஒரு கட்டுரையை வைத்தே நான்கு வழிகளையும் ஒப்பிடுகிறேன். ஆய்வாளர்களை அடையாளம் காண முடியாதபடி எண்களையும் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

## விடுபட்டது என்ன

இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களுக்குப் பன்னிரண்டு வார நடைப்பயிற்சி. பயிற்சிக் குழுவில் 32 பேர், கட்டுப்பாட்டுக் குழுவில் 30 பேர். அளந்தது எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி. பயிற்சிக் குழுவில் தொடக்கத்தில் சராசரி 8.1, திட்ட விலக்கம் 1.2. முடிவில் சராசரி 7.6, திட்ட விலக்கம் 1.1. மாற்றம் −0.5, "p < 0.05". கட்டுப்பாட்டுக் குழு 7.6இலிருந்து 7.5க்கு வந்திருந்தது, மாற்றம் −0.1.

மாற்றத்தின் சராசரி இருக்கிறது. அந்த மாற்றத்தின் திட்ட விலக்கம் எங்குமே இல்லை. அது இல்லாமல் இந்த ஆய்வுக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்று மென்பொருளுக்குச் சொல்ல முடியாது.

"முடிவு மதிப்புகளை மட்டும் வைத்துக் கணக்கிடலாமே" என்று கேட்கலாம். சீரற்ற முறையில் பிரித்த ஆய்வுகளில் அது செல்லுபடியாகும் வழிதான். ஆனால் இங்கே இரு குழுக்களும் தொடக்கத்திலேயே அரைப் புள்ளி விலகி நிற்கின்றன. முடிவை மட்டும் பார்த்தால் 7.6க்கு எதிரே 7.5, பயிற்சி சற்றே தோற்றதுபோல் தெரியும். மாற்றத்தைப் பார்த்தால் 0.4 அளவுக்குப் பயிற்சி முன்னே இருக்கிறது. அவளுடைய ஆய்வுத் திட்டத்தில் மாற்றத்தைத்தான் எடுப்போம் என்று முன்பே எழுதிவிட்டாள். எண் கிடைக்கவில்லை என்பதற்காக இப்போது அதை மாற்றினால், விடையைப் பார்த்துவிட்டு முறையைத் தேர்ந்தெடுத்ததாக ஆகிவிடும்.

## எதை வைத்து எடைபோடுவது

நான் நான்கு விஷயங்களைப் பார்க்கிறேன். அந்த ஆசிரியருக்கு எத்தனை நிமிட வேலை? அவர் யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா? வருகிற பதில் நேராகக் கணக்கில் போய் உட்காருமா? நம் கால அட்டவணை அதைத் தாங்குமா? முதல் இரண்டும் அவர் பக்கத்துச் செலவு என்பதால் நம் கண்ணில் படுவதில்லை. பதில் வருமா வராதா என்பதை அவையே தீர்மானிக்கின்றன என்பது என் அனுபவம்.

| வழி | அவருக்கு ஆகும் நேரம் | அனுமதி | பதிலின் பயன் | நமக்கு ஆகும் காலம் |
|---|---|---|---|---|
| எழுதாமல் கணக்கிடுவது | இல்லை | வேண்டாம் | சில சமயம் துல்லியம், சில சமயம் ஊகம் | ஒரு மணி நேரம் |
| "தரவை அனுப்புங்கள்" என்று பொதுவாகக் கேட்பது | அவருக்கே தெரியாது | பெரும்பாலும் தேவை | எது வரும் என்று சொல்ல முடியாது | வாரங்கள், பல கடிதங்கள் |
| காலியிடம் விட்ட அட்டவணையோடு ஓரிரு எண் கேட்பது | பத்து, இருபது நிமிடம் | பொதுவாக வேண்டாம் | நேராகக் கணக்கில் சேரும் | நான்கு முதல் ஆறு வாரம் |
| ஆள்வாரித் தரவு கேட்பது | நாள் கணக்கு | நிச்சயம் தேவை | மிக அதிகம் | மாதங்கள் |

## எழுதாமலே கணக்கிடுவது

இதைத்தான் முதலில் முயன்று பார்க்க வேண்டும். கட்டுரையில் ஏற்கனவே இருப்பதைக் கேட்டு எழுதினால், நாம் அதைச் சரியாகப் படிக்கவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும். திட்டப் பிழையோ 95% நம்பக இடைவெளியோ இருந்தால் திட்ட விலக்கத்தை நாமே எடுத்துவிடலாம்.

```
SD = SE × √n
SD = √n × (upper − lower) / 3.92
```

இரண்டாவது சூத்திரம் பெரிய குழுக்களுக்கு. ஆள் குறைவாக இருந்தால் 3.92க்குப் பதிலாக டி பரவலின் மதிப்பை இரண்டால் பெருக்கிப் போட வேண்டும். p மதிப்பு 0.012 என்பதுபோல் துல்லியமாகக் கொடுத்திருந்தாலும் பின்னோக்கிப் போய்ப் பிடித்துவிடலாம். தங்கையின் கட்டுரையில் இருந்தது வெறும் "p < 0.05". அதிலிருந்து ஓர் உச்சவரம்பு கிடைக்குமே தவிர எண் கிடைக்காது.

மிச்சமிருப்பது ஊகம். தொடக்க அளவுக்கும் முடிவு அளவுக்கும் உள்ள ஒட்டுறவு r இவ்வளவு என்று வைத்துக்கொண்டால் மாற்றத்தின் திட்ட விலக்கம் வந்துவிடும்.

```
SD_change = √(SD_base² + SD_final² − 2 × r × SD_base × SD_final)
```

r = 0.5 என்று போட்டால் 1.15 வருகிறது. 0.8 என்று போட்டால் 0.73. பார்வைக்குச் சின்ன வித்தியாசம். ஆனால் எடை திட்ட விலக்கத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் இரு குழுவிலும் இதே நிலை என்றால், இரண்டாவது ஊகத்தில் இந்த ஆய்வின் எடை கிட்டத்தட்ட இரண்டரை மடங்காகிவிடும். யாரும் அளந்து சொல்லாத ஓர் எண்ணுக்கு அவ்வளவு அதிகாரம். இந்த வழியின் மறைவான செலவு அதுதான்.

மொத்தத்தில் இந்த ஒரு ஆய்வு வந்தாலும் போனாலும் முடிவு அசையாது என்றால் கணக்கிட்டுக்கொண்டு மேலே போகலாம். r-ஐ இரண்டு மூன்று விதமாகப் போட்டுப் பார்த்ததையும் எழுதிவிடுங்கள். தங்கையிடம் இருந்தவை ஏழே ஆய்வுகள், அதில் இது ஒன்று. ஊகித்துவிட்டு நகர முடியாத நிலை.

## பொதுவாகக் கேட்பது

கேட்கிறவருக்கு இதுதான் எளிது. எல்லோருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பிவிடலாம், அதனால்தான் பலரும் இதில் போய் விழுகிறார்கள். வாங்குகிறவருக்கு எது வேண்டும் என்று புரிவதில்லை. கோப்பு எங்கே இருக்கிறதென்று தேட வேண்டும், வெளியே கொடுக்கலாமா என்று நெறிமுறைக் குழுவைக் கேட்க வேண்டும். அடுத்த வாரம் பார்ப்போம் என்று ஒதுக்கி வைப்பார், அந்த அடுத்த வாரம் வராது.

கேட்டால் தருவோம் என்று கட்டுரையிலேயே எழுதியவர்கள் தந்துவிடுவார்கள் என்றும் நம்ப முடியாது. 2022இல் வெளியான ஓர் ஆய்வில் அப்படி எழுதியிருந்த 1792 கட்டுரைகளின் ஆசிரியர்களுக்கு எழுதிப் பார்த்தார்கள். 93 விழுக்காட்டினர் பதிலே தரவில்லை, அல்லது மறுத்தார்கள். அங்கே கேட்டது முழுத் தரவு என்பதைக் கவனியுங்கள்.

பதில் வந்தாலும் சிக்கல் தீராது. ஒருமுறை எனக்கு ஓர் எக்ஸெல் கோப்பு வந்தது. நிரல்களின் தலைப்பு `grp`, `a1c_1`, `a1c_2`, `a1c_3`. குழு 1 பயிற்சியா, கட்டுப்பாடா? மூன்றாவது அளவு எந்த வாரத்தினுடையது? கேட்டு இன்னும் இரண்டு மடல் எழுத வேண்டியிருந்தது. இன்னொரு முறை வந்த கோப்பில் நோயாளிகளின் பிறந்த தேதிகள் இருந்தன. உடனே மூடிவிட்டு அனுப்பியவருக்குச் சொன்னேன். எங்கள் நெறிமுறை அலுவலகத்திடம் தெரிவித்து, அவர்கள் சொன்னபடி அழித்தேன். யாருக்கும் தீய எண்ணம் இல்லை. எது வேண்டாம் என்று நான் எழுதாமல் விட்டதால் நேர்ந்தது அது.

இந்த வழி சரிப்படும் நிலை ஒன்றுதான் எனக்குத் தெரியும்: ஆசிரியர் ஏற்கனவே பழக்கமானவர், நேரில் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம் என்றால்.

## ஓரிரு எண்ணை மட்டும் கேட்பது

தங்கையின் கடிதத்தைத் திருத்தி இந்த வழிக்குக் கொண்டுவந்தோம். போனது ஆங்கிலத்தில். தமிழில் அதன் உள்ளடக்கம் இதுதான்:

> பொருள்: உங்கள் 2016 நடைப்பயிற்சிக் கட்டுரை, அட்டவணை 2: இரண்டு எண்கள் பற்றி
>
> மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,
>
> நீரிழிவும் நடைப்பயிற்சியும் குறித்து ஒரு மெட்டா பகுப்பாய்வு செய்துவருகிறோம். உங்கள் ஆய்வு எங்கள் தகுதி விதிகளுக்குப் பொருந்துகிறது, அதைச் சேர்க்க விரும்புகிறோம்.
>
> அட்டவணை 2இல் எச்பிஏ1சி மாற்றத்தின் சராசரி இருக்கிறது. அந்த மாற்றத்தின் திட்ட விலக்கத்தை எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. கீழே காலியாக உள்ள இரண்டு இடங்களை நிரப்பித் தர முடியுமா?
>
> | குழு | பகுப்பாய்வில் இருந்தவர்கள் | மாற்றத்தின் சராசரி | மாற்றத்தின் திட்ட விலக்கம் |
> |---|---|---|---|
> | பயிற்சி | 32 | −0.5 | ____ |
> | கட்டுப்பாடு | 30 | −0.1 | ____ |
>
> திட்டப் பிழையோ நம்பக இடைவெளியோ கைவசம் இருந்தால் அதுவே போதும். எது என்று மட்டும் குறிப்பிடுங்கள். தனிநபர் தரவு எதுவும் எங்களுக்கு வேண்டாம். தரவு இப்போது உங்களிடம் இல்லையென்றால், "இல்லை" என்று ஒரு வரி எழுதினாலும் பேருதவி.
>
> அடுத்த மாதம் 20ஆம் தேதி கணக்கீட்டை முடிக்கத் திட்டமிட்டிருக்கிறோம். நீங்கள் தரும் எண்களை "ஆசிரியர் தந்தது" என்று குறிப்போம். நன்றியுரையில் உங்கள் பெயரைச் சேர்க்கலாமா என்றும் தெரிவியுங்கள்.

சில வரிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். "நீங்கள் கொடுக்கவில்லை" என்று எழுதினால் குற்றம் சாட்டுவதுபோல் இருக்கும். "எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை" என்றால் உண்மையும் கெடாது, அவர் மனமும் நோகாது. அட்டவணையில் 32, 30 என்ற எண்களை நாமே போட்டிருப்பதற்குக் காரணம் உண்டு. நாம் கட்டுரையைத் தவறாகப் படித்திருந்தால் அவர் அங்கேயே திருத்திவிடுவார். முழு அட்டவணையையும் காலியாக விட்டு அனுப்பினால் அவருக்கு வேலை மூன்று மடங்காகும், இந்தச் சரிபார்ப்பும் கிடைக்காது. "தனிநபர் தரவு வேண்டாம்" என்ற வரியைப் பார்த்ததும் அனுமதி பற்றிய கவலை நீங்கிவிடும். "இல்லை" என்று சொல்ல வழி விட்டிருப்பது முக்கியம். பழைய தரவு கையில் இல்லாதவர்கள் கூச்சத்தில் மௌனமாக இருந்துவிடுவார்கள். இல்லை என்று தெரிந்தால் நாம் அன்றைக்கே அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

நம் பழக்கத்தில் மரியாதை என்றால் நீட்டி எழுதுவது. மூத்தவரிடம் ஒன்று கேட்கும்முன் நாலு வார்த்தை நலம் விசாரிப்போம். மின்னஞ்சலில் அந்த நாலு வார்த்தை கேள்வியைத் திரைக்குக் கீழே தள்ளிவிடும். கைப்பேசியில் திறந்தால் உருட்டாமலே கேள்வி தெரிய வேண்டும். அவர் நேரத்தை மிச்சப்படுத்துவதுதான் இங்கே மரியாதை.

எப்போது அனுப்புவது என்பதிலும் சிறு கணக்கு உண்டு. சிங்கப்பூரில் திங்கட்கிழமை காலை ஒன்பது மணி என்றால் லண்டனில் நள்ளிரவு தாண்டி ஒன்று, இரண்டு மணி. நியூயார்க்கில் இன்னும் ஞாயிறு இரவு. விடிவதற்குள் நம் கடிதத்தின்மேல் இருபது கடிதம் ஏறிவிடும். ஐரோப்பாவுக்கு என்றால் நம் மாலை நான்கு, ஐந்து மணிக்கு அனுப்புகிறேன். சென்னைக்கு நம் பகல் ஒரு மணி சரியாக இருக்கும். சீனப் புத்தாண்டு வாரத்தில் சீனாவுக்கோ தைவானுக்கோ எழுதுவதில்லை.

இந்த வழிக்கும் விலை உண்டு. ஒவ்வொரு கட்டுரைக்கும் தனிக்கடிதம், தனி அட்டவணை. ஒரு கடிதத்துக்கு அரை மணி நேரம் பிடிக்கிறது. நாற்பது கட்டுரைக்கு எழுத வேண்டும் என்றால் தாங்காது. அப்போது முடிவை அசைக்கக்கூடிய ஆய்வுகளை மட்டும் பொறுக்கியெடுத்து எழுதுங்கள். இன்னொன்று: எண் வந்தபிறகு "வயது வாரியாகவும் கொடுங்கள்" என்று திரும்பிப் போனால் நன்றாக இருக்காது. கேட்க வேண்டியதையெல்லாம் யோசித்து ஒரே தடவையில் கேட்டுவிட வேண்டும்.

## ஆள்வாரித் தரவு கேட்பது

யாருக்குப் பயிற்சி அதிகம் உதவியது, வயதானவர்களுக்கா, இன்சுலின் போடுகிறவர்களுக்கா என்பது உங்கள் கேள்வி என்றால், ஒவ்வொரு ஆளின் தரவும் இல்லாமல் நம்பகமான விடை கிடைக்காது. அங்கே இதுதான் சரியான வழி. ஆனால் இது ஒரு மடலில் முடிகிற காரியம் இல்லை. இரு நிறுவனங்களுக்கு இடையே தரவுப் பகிர்வு ஒப்பந்தம், இரு பக்கமும் நெறிமுறைக் குழு, அடையாளம் நீக்கிய கோப்பு, பாதுகாப்பாக அனுப்ப ஓர் ஏற்பாடு என்று நீளும். சிங்கப்பூர் ஆய்வு என்றால் 2012ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 2015ஆம் ஆண்டின் மனித உயிர்மருத்துவ ஆராய்ச்சிச் சட்டமும் அவர்கள் மனத்தில் இருக்கும். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பெரும்பாலும் தரவு தந்தவர்களைக் கூட்டாசிரியராகச் சேர்ப்பது பற்றியும் முதலிலேயே பேச வேண்டிவரும்.

ஒரு முதுநிலைப் பருவத்துக்குள் முடிக்க வேண்டிய வேலைக்கு இதைத் தொடாதீர்கள் என்பது என் கருத்து. இரண்டு எண்ணுக்காகக் கேட்கவே கூடாது.

## பதில் வந்த பிறகு

தங்கைக்குப் பத்தாம் நாள் பதில் வந்தது. "பயிற்சி 0.14, கட்டுப்பாடு 0.15" என்று இரண்டே எண்கள். மகிழ்ச்சியோடு எனக்கு அனுப்பினாள். கணக்கில் போடும்முன் ஒரு சோதனை செய்தோம். மேலே உள்ள சூத்திரத்தைத் திருப்பினால் r கிடைக்கும்.

```
r = (SD_base² + SD_final² − SD_change²) / (2 × SD_base × SD_final)
```

0.14 என்று போட்டால் r = 0.996. பன்னிரண்டு வாரம் இடைவெளி விட்டு எடுத்த இரண்டு ரத்தப் பரிசோதனைகள் அவ்வளவு ஒத்துப்போக வழியே இல்லை. அவர் அனுப்பியது திட்டப் பிழையாக இருக்கலாம் என்று தோன்றியது. 0.14ஐ √32ஆல் பெருக்கினால் 0.79, அதைப் போட்டால் r = 0.77. இது நம்பும்படி இருக்கிறது. ஆனாலும் நாங்களே முடிவு செய்துகொள்ளவில்லை. "நன்றி. இவை திட்ட விலக்கமா, திட்டப் பிழையா என்று உறுதிப்படுத்த முடியுமா?" என்று ஒரே வரி எழுதினாள். அன்று இரவே பதில்: "திட்டப் பிழை, மன்னிக்கவும்." அந்தச் சோதனையைச் செய்யாமல் விட்டிருந்தால் முப்பது மடங்குக்கு மேல் எடை ஏறி, ஏழு ஆய்வுகளின் முடிவையும் இந்த ஒன்றே இழுத்துக்கொண்டு போயிருக்கும்.

## பதில் வராவிட்டால்

முகவரி உயிரோடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கட்டுரைக்கு வயது ஏற ஏற அதில் அச்சான மின்னஞ்சல் வேலை செய்யும் வாய்ப்பு ஆண்டுதோறும் குறைகிறது என்று 2014இல் 516 கட்டுரைகளை வைத்து ஆராய்ந்தவர்கள் காட்டினார்கள். பழைய கட்டுரை என்றால் அந்த ஆசிரியரின் அண்மைக் கட்டுரையைத் தேடி அதிலுள்ள முகவரிக்கு அனுப்புங்கள், முதல் ஆசிரியருக்கும் ஒரு நகல் வையுங்கள். கணக்குப் போட்டவர் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு நினைவூட்டல், இன்னும் இரண்டு வாரம் கழித்து கடைசியாக ஒன்று. பழைய கடிதத்தின் மேலேயே பதிலாக எழுதினால் அட்டவணை கூடவே போகும். அத்தோடு நிறுத்திவிடுங்கள். யாருக்கு, எந்தத் தேதியில், என்ன கேட்டோம், என்ன வந்தது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். ஆசிரியர்களிடமிருந்து தரவு பெறப் பின்பற்றிய முறையைச் சொல்லும்படி, இத்தகைய ஆய்வுகளை எழுதுவதற்கான வழிகாட்டியான பிரிஸ்மா 2020 கேட்கிறது, கடைசி வாரத்தில் அதை நினைவிலிருந்து எழுத முடியாது.

தங்கை எழுதிய மூன்று பேரில் ஒருவர் பதிலே தரவில்லை, இன்னொருவர் தரவு அழிந்துவிட்டது என்றார். அந்த இரண்டு ஆய்வுகளுக்கும் ஊகித்துத்தான் ஆகவேண்டும். ஆனால் இப்போது அவள் கையில் ஓர் அளந்த எண் இருக்கிறது. அதே நோய், அதே பன்னிரண்டு வாரம், அதே பரிசோதனை. அதனால் r = 0.77ஐ அங்கே வைத்தாள். பிறகு 0.5, 0.9 என்று மாற்றியும் ஓட்டிப் பார்த்து, மூன்று முடிவுகளையும் பின்னிணைப்பில் போட்டாள்.